2 மைக்ரோமோலாரில் காக்கும் சல்ஃபோராஃபேன் 40-ல் ஏன் கொல்கிறது

கேள்வி: வேலூர்ல எம்.எஸ்சி. பயோடெக் கடைசி வருஷம் படிக்கிறேன். ப்ராஜெக்ட்ல ஹெப்ஜி2 கல்லீரல் செல்லுக்கு 2 மைக்ரோமோலார் சல்ஃபோராஃபேன் கொடுத்து, மறுநாள் ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டா செல் நல்லா தாங்குது. 40 கொடுத்தா பெராக்சைடு போடாமலே செத்துடுது. ஒரே பொருள் எப்படி ரெண்டும் செய்யும்? சின்ன அளவுல நல்லதும் பெரிய அளவுல கெடுதலும் செய்ற ஹார்மெசிஸ்தான் இதுன்னு எப்படி நிரூபிக்கிறது? அம்மா இதைக் கேட்டுட்டு, தினமும் சாப்பிடுற முருங்கைக்கீரைப் பொடியை ரெண்டு மடங்கா ஆக்கலாமான்னு கேக்கிறாங்க.

பதில்:

இரண்டு அளவிலும் நடப்பது ஒரே வேதிவினைதான். சல்ஃபோராஃபேன் 2-ல் ஒரு வேலையும் 40-ல் வேறு வேலையும் செய்வதில்லை. இரண்டிலும் அது செல்லைத் தாக்குகிறது. 2-ல் அந்தத் தாக்குதலுக்குச் செல் பதில் சொல்ல நேரம் இருக்கிறது, 40-ல் இல்லை. அதனால் 2-ல் நீங்கள் பார்த்த பாதுகாப்பைச் செய்தது சல்ஃபோராஃபேன் அல்ல, செல். இது பிடிபட்டால் சோதனையை எப்படி அமைப்பது என்பதும், அம்மாவுக்கு என்ன சொல்வது என்பதும் தானாகவே தெளிந்துவிடும்.

வேதியியலில் தொடங்குவோம். கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோஸ், ப்ரோக்கோலி, முருங்கை எல்லாமே பூச்சி கடிப்பதற்கு எதிராக ஒரே வகையான ஆயுதத்தை வைத்திருக்கின்றன. குளுக்கோசினோலேட் என்ற சர்க்கரை ஒட்டிய கந்தகச் சேர்மம் இலையில் ஓர் இடத்திலும், அதை வெட்டும் மைரோசினேஸ் என்ற நொதி வேறோர் இடத்திலும் இருக்கும். இலை நசுங்கும்போது இரண்டும் கலந்து ஐசோதயோசயனேட் பிறக்கும். பச்சைக் கடுகை அரைத்தால் மூக்கில் ஏறும் காரம் இதுதான். சல்ஃபோராஃபேன் ப்ரோக்கோலியின் ஐசோதயோசயனேட். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பால் தலலே குழுவினர் 1992-ல் அதைப் பிரித்தெடுத்தார்கள்.

இவற்றின் வால் பகுதியில் –N=C=S என்ற தொகுதி இருக்கிறது. நடுவில் உள்ள கார்பன் எலக்ட்ரான் பசியோடு இருப்பதால், புரதத்தில் உள்ள சிஸ்டீனின் கந்தகத்தைக் கண்டால் ஒட்டிக்கொள்கிறது. எந்தப் புரதம் என்று பெரிதாகப் பார்ப்பதில்லை. முதலில் கிடைப்பது யார், எவ்வளவு பேர் என்பதுதான் கேள்வி.

செல்லுக்குள் அதிகமாகக் கிடைக்கும் கந்தகச் சேர்மம், பெராக்சைடை முறிக்கவும் செல்லுக்கு உதவும் குளுட்டாதயோன். பெரும்பாலான செல்களில் அது 1 முதல் 10 மில்லிமோலார் வரை இருக்கும். உள்ளே வரும் சல்ஃபோராஃபேனின் பெரும்பகுதியை அதுதான் பிடித்துக்கொள்ளும். பிறகு அந்த இணைப்பைச் செல் சவ்வில் உள்ள பம்புகள் வெளியே தள்ளும். வெளியே போவது சல்ஃபோராஃபேன் மட்டுமல்ல, அதோடு ஒட்டிய குளுட்டாதயோனும்தான். ஆகவே எந்த அளவாக இருந்தாலும் முதல் சில மணி நேரத்தில் செல்லின் குளுட்டாதயோன் இறங்கும்.

மிச்சம் இருக்கும் சிறு பகுதி மற்றப் புரதங்களில் ஒட்டுகிறது. அவற்றுள் ஒன்று கீப்1. அமைதியான செல்லில் கீப்1-இன் வேலை, என்ஆர்எஃப்2 என்ற புரதத்தைப் பிறந்தவுடன் பிடித்து அழிவுக்கு அனுப்புவது. அதனால் என்ஆர்எஃப்2-இன் அரை ஆயுட்காலம் சாதாரணமாக ஏறத்தாழ இருபது நிமிடம்தான். கீப்1-இன் 151-ஆவது சிஸ்டீனில் சல்ஃபோராஃபேன் ஒட்டிவிட்டால் இந்த அழிப்பு நின்றுபோகும். புதிதாகப் பிறக்கும் என்ஆர்எஃப்2 சேர்ந்து, செல்லின் உட்கருவுக்குள் போய், ஒரு தொகுதி மரபணுக்களைத் திறக்கும். குளுட்டாதயோனைச் செய்யும் நொதி, அதற்கு வேண்டிய சிஸ்டினை வெளியிலிருந்து இழுக்கும் கடத்தி, என்க்யூஓ1 என்ற நச்சுநீக்கும் நொதி, ஹீம் ஆக்ஸிஜனேஸ்-1, தயோரெடாக்ஸின் ரிடக்டேஸ் எல்லாம் அந்தத் தொகுதியில் அடக்கம்.

வீட்டு மாடித் தொட்டியில் தண்ணீர் கொஞ்சம் இறங்கியதும் தானாக மோட்டார் ஓடி, பழைய மட்டத்துக்கும் மேலே நிரப்பிவிடுவது போன்ற ஏற்பாடு இது. இறைப்பு மோட்டாரின் வேகத்துக்குள் இருந்தால் தொட்டி முன்பைவிட நிறைந்திருக்கும். அதைவிட வேகமாக இறைத்தால், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே தொட்டி வறண்டுபோகும்.

உங்கள் கிணறுகளிலேயே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 96 கிணற்றுத் தட்டில் ஒரு கிணற்றுக்கு 10,000 செல், 100 மைக்ரோலிட்டர் ஊடகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு செல்லின் கனஅளவு சுமார் 2 பிகோலிட்டர், குளுட்டாதயோன் 5 மில்லிமோலார் என்று எடுத்தால், கிணற்றில் உள்ள எல்லாச் செல்லின் குளுட்டாதயோனும் சேர்ந்து 100 பிகோமோல். நீங்கள் கொடுத்த 2 மைக்ரோமோலார் என்பது 100 மைக்ரோலிட்டரில் 200 பிகோமோல். 40 மைக்ரோமோலார் என்பது 4,000 பிகோமோல்.

2 மைக்ரோமோலாரே கையிருப்பைப் போல இரண்டு மடங்கு என்பது முதலில் திகைக்க வைக்கும். ஆனால் அதில் ஒரு பங்கைச் சீரப் புரதங்கள் பிடித்துக்கொள்ளும், மற்றது மணிக்கணக்கில் மெதுவாக உள்ளே வரும், இதற்கிடையில் செல் புதிதாகச் செய்துகொண்டே இருக்கும். அதனால் செல் ஈடுகொடுத்துவிடுகிறது. 40 மடங்குக்கு இது முடியாது. குளுட்டாதயோன் வற்றியதும் அடுத்துக் கிடைக்கும் சிஸ்டீன்களெல்லாம் இலக்காகும். டியூபுலினில் ஒட்டிச் செல் பிரிவை நிறுத்தும், மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்ஸிஜன் தீவிர மூலக்கூறுகள் பெருகும், கடைசியில் காஸ்பேஸ் இயங்கிச் செல் தன்னையே அழித்துக்கொள்ளும்.

இந்தக் கணக்கிலிருந்து நடைமுறையில் ஒன்றைக் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். மைக்ரோமோலார் மட்டும் அளவு ஆகாது, ஒரு செல்லுக்கு எத்தனை பிகோமோல் என்பதுதான் உண்மையான அளவு. ஒரு தடவை கிணற்றுக்கு 5,000 செல்லும் அடுத்த தடவை 20,000 செல்லும் போட்டால், அதே 8 மைக்ரோமோலார் ஒரு தடவை கொல்லலாம், ஒரு தடவை காக்கலாம். இந்தத் துறையில் இரண்டு ஆய்வகங்களின் எண்கள் ஒத்துப்போகாததற்கு இது ஒரு பெரிய காரணம். செல் எண்ணிக்கையை ஆய்வேட்டில் மறக்காமல் எழுதுங்கள்.

நேரமும் இதே அளவு முக்கியம். சல்ஃபோராஃபேன் கொடுத்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் பெராக்சைடு போட்டால், 2 மைக்ரோமோலாரிலும் செல் அதிகமாகச் சாக வாய்ப்புண்டு. அப்போது குளுட்டாதயோன் பள்ளத்தில் இருக்கும். 24 மணி நேரம் விட்டால் அது பழைய மட்டத்தைத் தாண்டியிருக்கும். நீங்கள் மறுநாள் பெராக்சைடு போட்டதால்தான் பாதுகாப்பைப் பார்த்தீர்கள்.

இனி நிரூபணம். உங்களிடம் இப்போது இருப்பது இரண்டு புள்ளிகள். அதை வைத்து ஹார்மெசிஸ் என்று எழுதினால் தேர்வாளர் கேட்கும் முதல் கேள்வியிலேயே நின்றுவிடும். 1888-ல் ஹ்யூகோ ஷூல்ஸ் ஈஸ்ட்டில் கிருமிநாசினிகளை வைத்துப் பார்த்ததிலிருந்து, 1943-ல் சவுத்தமும் எர்லிக்கும் செந்தேவதாரு மரச் சாற்றைப் பூஞ்சைக்குக் கொடுத்து இந்தப் பெயரைச் சூட்டியது வரை, ஹார்மெசிஸுக்கு அடையாளம் வளைவின் வடிவம்தான்: குறைந்த அளவுகளில் ஏறி, உச்சம் தொட்டு, இறங்கி, பொருள் கொடுக்காத செல்களான கட்டுப்பாட்டுக்கும் கீழே போவது. எட்வர்ட் கலப்ரீஸ் திரட்டிய ஏராளமான தரவுகளில் உச்சம் பெரும்பாலும் கட்டுப்பாட்டைவிட 30 முதல் 60 சதவீதம்தான் கூடுதலாக இருக்கிறது. இவ்வளவு சிறிய மேட்டைப் பிடிக்க, நச்சுத் தொடங்கும் இடத்துக்குக் கீழே குறைந்தது ஐந்து அளவுகள் வேண்டும்.

0.25, 0.5, 1, 2, 4, 8, 16, 32 மைக்ரோமோலார் என்ற எட்டு அளவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். சல்ஃபோராஃபேனின் மூலக்கூறு எடை 177.3. 5 மில்லிகிராம் குப்பியில் 0.88 மில்லி டிஎம்எஸ்ஓ கரைப்பானை ஊற்றினால் 32 மில்லிமோலார் ஆகும். பொருள் பிசுபிசுப்பாக இருப்பதால் கொஞ்சமாக எடுத்து நிறுக்கப் பார்க்காதீர்கள், முழுக் குப்பியையும் கரையுங்கள். அதை டிஎம்எஸ்ஓ-விலேயே ஏழு முறை பாதியாக்கி, ஒவ்வொன்றிலும் 1 மைக்ரோலிட்டரை 1 மில்லி ஊடகத்தில் கலந்தால் எல்லாக் கிணற்றிலும் டிஎம்எஸ்ஓ சரியாக 0.1 சதவீதம் இருக்கும். ஊடகத்தில் பாதியாக்கிக்கொண்டே போனால் டிஎம்எஸ்ஓ-வும் கூடவே குறையும். அப்போது தெரியும் மேடு எதனால் வந்தது என்று சொல்ல முடியாது. மீதிக் கரைசலைச் சிறு குழாய்களில் பிரித்து மைனஸ் 20-ல் வையுங்கள். ஊடகத்தில் கலந்ததை அன்றே பயன்படுத்திவிட்டு மீதியைக் கொட்டிவிடுங்கள், 37 டிகிரி நீரில் ஐசோதயோசயனேட் நிலையாக இருக்காது. குப்பி வேலூர் மே மாத வெயிலில் கூரியர் அலுவலகத்தில் கிடந்து வந்திருந்தால், 2 மைக்ரோமோலாரில் என்க்யூஓ1 ஏறுகிறதா என்று பார்த்த பிறகே நம்புங்கள்.

தட்டின் ஓரக் கிணறுகள் ஆவியாகி உள்ளிருப்பது செறிந்துவிடும். அவற்றில் பிபிஎஸ் உப்புக் கரைசல் மட்டும் ஊற்றி விட்டுவிட்டால் உள்ளே 60 கிணறு மிஞ்சும். எட்டு அளவு, ஒரு டிஎம்எஸ்ஓ கட்டுப்பாடு, ஒரு செல் இல்லாத நிரல் என்று பத்து நிரல், ஒவ்வொன்றிலும் ஆறு கிணறு. கச்சிதமாக அமையும். ஒரே மாதிரி இரண்டு தட்டு போடுங்கள், ஒன்று பெராக்சைடு இல்லாமல், மற்றது பெராக்சைடுடன். வெவ்வேறு நாள் பிரித்த செல்களில் மூன்று முறை செய்யுங்கள். ஒரே நாளில் மூன்று தட்டு வைத்தால் அது மூன்று முறை ஆகாது.

பெராக்சைடு இந்தச் சோதனையில் அதிகம் ஏமாற்றும் பொருள். திறந்த பாட்டில் நாளாக நாளாக வலுவிழக்கும். ஒவ்வொரு முறையும் 240 நானோமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். 1 செ.மீ. குவெட்டில் 10 மில்லிமோலார் இருந்தால் 0.436 காட்ட வேண்டும். ஊடகத்தில் சோடியம் பைருவேட் இருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள். 1 மில்லிமோலார் பைருவேட் நீங்கள் போடும் பெராக்சைடைச் செல்லுக்குப் போகும் முன்பே தின்றுவிடும். முதலில் 100 முதல் 800 மைக்ரோமோலார் வரை வைத்து, உங்கள் செல் அடர்த்தியில் ஏறக்குறைய பாதி சாகும் அளவைக் கண்டுபிடியுங்கள். எல்லாம் செத்தாலும் எதுவுமே சாகாவிட்டாலும் பாதுகாப்பு கண்ணுக்குத் தெரியாது. பெராக்சைடு போடும் முன் சல்ஃபோராஃபேன் உள்ள ஊடகத்தை எடுத்துவிட்டு பிபிஎஸ்ஸில் ஒரு முறை கழுவுங்கள்.

அடுத்தது, எத்தனை செல் உயிரோடு இருக்கிறது என்று பார்க்கும் எம்டிடி சோதனை. அது செல்லை எண்ணுவதில்லை. மஞ்சள் சாயத்தை ஊதாவாக ஒடுக்கும் திறனைத்தான் எண்ணுகிறது. நீங்கள் கொடுக்கும் பொருளோ ஒடுக்கும் நொதிகளையும் குளுட்டாதயோனையும் கூட்டும் பொருள். செல் எண்ணிக்கை அப்படியே இருக்க, எம்டிடி மட்டும் 115 சதவீதம் காட்டலாம். உச்சம் வரும் அளவிலும் அதற்கு இருபுறமும் உள்ள அளவுகளிலும் ட்ரைபான் ப்ளூ போட்டுக் கையால் எண்ணுங்கள், அல்லது செத்த செல்லிலிருந்து வெளியேறும் எல்டிஹெச் நொதியின் கசிவை அளங்கள். இரண்டு முறையும் ஒரே திசையில் போனால்தான் அந்த மேடு உண்மை. உங்கள் வகுப்பில் யாராவது கிரீன் டீ அல்லது இலைச் சாறு வைத்து இதே சோதனை செய்தால் இன்னொரு சிக்கல் உண்டு: பாலிஃபினால்கள் செல் இல்லாத வெறும் ஊடகத்திலேயே ஆக்ஸிஜனோடு வினைபுரிந்து பெராக்சைடை உண்டாக்கும். அப்போது அதிக அளவில் செல் செத்தது சேர்மத்தாலா, தட்டில் உண்டான பெராக்சைடாலா என்று தெரியாது. ஊடகத்தில் கேட்டலேஸ் நொதியைச் சேர்த்தால் சாவு நின்றுவிட்டால், அது தட்டின் குற்றம், சேர்மத்தினுடையது அல்ல.

வளைவு கிடைத்த பிறகு, இரண்டு பக்கமும் ஒரே வினைதான் என்பதை எப்படிக் காட்டுவது? எனக்குப் பிடித்த சோதனை பிஎஸ்ஓ. குளுட்டாதயோன் செய்யும் நொதியை அது முடக்கும். 100 மைக்ரோமோலார் பிஎஸ்ஓ-வோடு அதே எட்டு அளவுகளையும் வையுங்கள், பிஎஸ்ஓ மட்டும் உள்ள கட்டுப்பாட்டையும் சேர்த்து. மேலே சொன்ன விளக்கம் சரியென்றால் இரண்டு மாற்றங்கள் ஒன்றாக வர வேண்டும். 2 மைக்ரோமோலாரின் பாதுகாப்பு மறைய வேண்டும், 8 போன்ற சாதுவான அளவு கொல்லத் தொடங்க வேண்டும். முழு வளைவும் இடப்பக்கம் நகரும். ஒன்று நடந்து மற்றது நடக்காவிட்டால் நம் விளக்கத்தில் ஓட்டை இருக்கிறது.

எதிர்ப்பக்கச் சோதனை என்-அசிட்டைல் சிஸ்டீன். அதைச் சல்ஃபோராஃபேனோடு சேர்த்துக் கொடுத்தால் ஐசோதயோசயனேட்டை அதுவே பிடித்துக்கொள்ளும். 32-ன் சாவும் நிற்கும், 2-ன் என்க்யூஓ1 ஏற்றமும் நிற்கும். நச்சை நிறுத்தியது நன்மையையும் நிறுத்திவிட்டது என்பதுதான் இங்கே சான்று. இதில் இரண்டு எச்சரிக்கை. அது அமிலம், பிஎச் 7.4-க்குக் கொண்டுவராமல் ஊற்றினால் செல் அமிலத்தால் சாகும். மேலும் அது தானே குளுட்டாதயோனைக் கூட்டிப் பெராக்சைடைத் தாங்க வைக்கும். எனவே இந்தத் தட்டில் 2 மைக்ரோமோலாரின் விளைவைப் பெராக்சைடு வைத்துப் பார்க்காமல் என்க்யூஓ1 வைத்துப் பாருங்கள். வசதி இருந்தால் என்ஆர்எஃப்2-வை எஸ்ஐஆர்என்ஏ கொண்டு அடக்கிப் பாருங்கள். பாதுகாப்பு போய்விட்டால், காத்தது செல்லின் பதில்தான் என்பதில் சந்தேகம் இருக்காது.

பெராக்சைடு இல்லாத தட்டில் குறைந்த அளவுகள் 100 சதவீதத்தைத் தாண்டவில்லை என்றால் கவலைப்பட வேண்டாம். முன்கூட்டியே சிறு அழுத்தம் கொடுத்துப் பெரிய அழுத்தத்தைத் தாங்கவைப்பதும் ஹார்மெசிஸில் ஒரு வகை. அதன் மேடு இரண்டாவது தட்டில்தான் தெரியும்.

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் இந்தத் தலைப்பைப் பேசினாலே, தோல் தொழிலின் குரோமியமும் கொஞ்சமாக இருந்தால் நல்லதுதானே என்று ஒருவர் கேட்டுவிடுவார். இல்லை. ஆறு இணைதிற குரோமியம் செல்லுக்குள் போய் ஒடுக்கப்படும்போது டிஎன்ஏ-வையே கெடுக்கிறது, மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று உறுதியானது. சல்ஃபோராஃபேன் சில மணி நேரத்தில் இணைக்கப்பட்டு வெளியேறிவிடுவதால்தான் செல்லுக்கு மீண்டெழ இடைவெளி கிடைக்கிறது. தண்ணீரில் தினமும் வரும் மாசுக்கு அந்த இடைவெளியே கிடையாது. ஒரு தட்டில் கிடைத்த மேட்டைக் குடிநீர் வரம்பைத் தளர்த்தும் வாதமாக யாரும் எடுத்துக்கொள்ள விடாதீர்கள்.

அம்மாவின் முருங்கைப் பொடிக்கு வருவோம். முருங்கையிலும் மோரின்ஜின் என்ற ஐசோதயோசயனேட் உண்டு. ஆனால் தட்டில் 40 மைக்ரோமோலார் என்பது சாப்பாட்டால் ரத்தத்தில் எட்டும் அளவு அல்ல. ப்ரோக்கோலி முளையிலிருந்து எடுத்த ஐசோதயோசயனேட்டை 200 மைக்ரோமோல் ஒரே தடவையில் குடித்தவர்களுக்கே, ஒரு மணி நேரம் கழித்து ரத்தத்தில் ஏறத்தாழ 1 முதல் 2 மைக்ரோமோலார்தான் இருந்தது. அதுவும் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பாதியானது. பொரியல், சாம்பாரில் போடும் கீரையில் இன்னும் குறைவு, ஏனென்றால் கொதிக்கும்போது மைரோசினேஸ் அழிந்துவிடுகிறது. தாளிப்பில் வெடித்த கடுகிலும் அப்படித்தான். மிச்சம் குளுக்கோசினோலேட்டில் ஒரு பங்கைக் குடல் கிருமிகள் மாற்றித் தருகின்றன. வேகவைத்த 200 கிராம் ப்ரோக்கோலியில் வெறும் 1 கிராம் பச்சைக் கடுகுத் தூளைத் தூவியபோது உடலில் சேர்ந்த சல்ஃபோராஃபேன் நான்கு மடங்குக்கும் மேல் கூடியது, கடுகின் நொதி அங்கே வேலை செய்ததால். எத்தனை தேக்கரண்டி என்பதைவிட, எப்படிச் சமைத்தோம் என்பது அளவை அதிகம் மாற்றுகிறது.

எனவே கீரையாகச் சாப்பிட்டால் பயமில்லை. பொடியை இரட்டிப்பாக்கினால் பாதுகாப்பும் இரட்டிப்பாகும் என்று எதிர்பார்க்கவும் இடமில்லை. ஒரு முறை திறந்த நொதிகள் ஒரு நாளைக்கும் மேலாக நிற்கும், என்ஆர்எஃப்2 தன் வேலை முடிந்ததும் மறுபடி அழிக்கப்பட்டுவிடும். அம்மா ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபாரின் எடுப்பவரானால் பொடியின் அளவைத் திடீரென்று கூட்டவே கூடாது, கீரையில் உள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைத்துவிடும்.

செறிவூட்டிய மாத்திரைகள் வேறு கதை. அங்கேதான் வளைவின் வலப்பக்கம் உண்மையில் எட்டும் தூரத்தில் இருக்கிறது. கிரீன் டீயைக் குடிப்பவர்களுக்குப் பொதுவாக வராத கல்லீரல் பாதிப்பு, அதன் முக்கியச் சேர்மமான ஈஜிசிஜி-யைச் சாற்று மாத்திரையில் நாளொன்றுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்தவர்களிடம் ரத்தத்தில் கல்லீரல் நொதிகள் ஏறுவதாக வெளிப்பட்டதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் பதிவு செய்தது. உறிஞ்சுதலைக் கூட்ட மிளகின் பைப்பரின் சேர்த்த மஞ்சள் மாத்திரைகளாலும் கல்லீரல் கெட்ட நோயாளிகள் பதிவாகியிருக்கிறார்கள். சிகிச்சைக்காக வேலூர் வந்து மாதக்கணக்கில் தங்கி கீமோதெரபி எடுப்பவர்கள் இப்படிப்பட்ட சாற்று மாத்திரைகளை மருத்துவரிடம் சொல்லாமல் எடுப்பது எனக்கு மிகுந்த கவலை தருகிறது. என்ஆர்எஃப்2 நல்ல செல், கெட்ட செல் என்று பார்க்காது. பல நுரையீரல் புற்றுகள் கீப்1-ஐக் கெடுத்துக்கொண்டு இந்தப் பாதுகாப்பை நிரந்தரமாகத் திறந்துவைத்துத்தான் மருந்துக்குத் தப்புகின்றன. அப்படி யாராவது உங்களிடம் யோசனை கேட்டால், மாத்திரை டப்பாவையே அடுத்த முறை மருத்துவரிடம் எடுத்துப்போய்க் காட்டச் சொல்லுங்கள். லேபிளில் உள்ள மில்லிகிராம் அவருக்கு வேண்டும்.